பூச்சிமருந்தைக் குடித்தாரா, அடித்தாரா என்று கேட்கும் ஒரு கட்டம் வேண்டும்: பொது சுகாதாரத் துறை இயக்குநருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பெரம்பலூர் பக்கத்துப் பருத்தி, மக்காச்சோள ஊர்களில் அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியபோது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. தனியார் ஆஸ்பத்திரியானாலும் அரசு ஆஸ்பத்திரியானாலும் கேஸ் வந்தால் சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. அதே 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தைக் கொண்டு, வயலில் வேலை செய்யும்போது ஏற்படும் பூச்சிமருந்து நஞ்சையும் அறிவிக்கப்பட வேண்டியதாக ஆக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல். ஏன் கேட்கிறேன் என்பதை ஒரே ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன்.

முப்பது வயதைத் தாண்டிய கூலித் தொழிலாளி. ஐப்பசி மாதம், பருத்திச் செடி நெஞ்சு உயரம் வந்திருந்த நேரம். புரோபனோபாஸும் சைபர்மெத்ரினும் கலந்து வரும் மருந்தோடு அசிபேட் பொடியையும் சேர்த்துக் கரைத்து அடித்திருக்கிறார். உரக்கடையில் "ரெண்டையும் கலந்து அடிங்க, புழு நிக்காது" என்று சொல்லியிருக்கிறார்கள். புரோபனோபாஸ், அசிபேட் இரண்டும் ஆர்கனோபாஸ்பரஸ் வகை. உடம்பில் அவை தாக்குகிற நொதியும் ஒன்றேதான். கூலி டேங்க் கணக்கு. எத்தனை டேங்க் அடிக்கிறோமோ அவ்வளவு காசு என்பதால் நடுவில் நிறுத்திக் கை கழுவுகிறவர் யாரும் இல்லை. முதுகில் தொங்கிய பேட்டரி ஸ்பிரேயரின் மூடியில் வாஷர் தேய்ந்து போயிருந்தது. குனியும்போதெல்லாம் மருந்துத் தண்ணீர் வழிந்து பனியனை நனைத்து, இடுப்பில் இறங்கி, மடித்துக் கட்டிய கைலிக்குள் போயிருக்கிறது.

பதினோரு மணிக்குத் தலைவலி. வெயில் என்று நினைத்து எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு மறுபடி டேங்கைத் தூக்கியிருக்கிறார். மத்தியானம் வாந்தி, வயிற்றைப் பிடுங்கும் வலி, இரண்டு முறை பேதி. பக்கத்துச் சிகிச்சை நிலையம் ஒன்றில் குளுக்கோஸ் ஏற்றி, உப்புக் கரைசல் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்த புறநோயாளி நோட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதியது கடும் வயிற்றுப்போக்கு.

ராத்திரி மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் 108-இல் கொண்டு வந்தார்கள். மார்பு முழுக்கச் சளி குமுறும் சத்தம், வாயில் நுரை, நாடி 52, கண்மணி குண்டூசி முனை அளவு, தொடைத் தசைகள் தோலுக்கு அடியில் துடிக்கின்றன. பார்த்தவுடன் தெரிந்துவிடும் படம் இது. டூட்டி டாக்டர் தாமதிக்காமல் இந்த நஞ்சுக்கு மாற்று மருந்தான அட்ரோபின் போட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், மார்பு சுத்தமாகி நாடி 80-ஐத் தாண்டிய பிறகுதான் நிறுத்தினார். சிகிச்சை சரியான சிகிச்சை. ஆனால் விபத்துப் பதிவேட்டில் விழுந்த வாக்கியம் 'நஞ்சு உட்கொண்டதாகக் கூறப்படுகிறது'. நஞ்சு என்றால் எழுதிப் பழகிப்போன வரி அது. காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. காலையில் வார்டுக்கு நான் போனபோது போலீஸ்காரர் அவருடைய மனைவியிடம் வீட்டில் என்ன சண்டை என்று கேட்டுக்கொண்டிருந்தார். "சார், அவர் குடிக்கலைங்க, அடிச்சாருங்க" என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த வாக்கியத்தை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

மூன்றாம் நாள் நன்றாகத் தேறியவர் போலத்தான் இருந்தார். தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்குங்கள் என்றேன். முடியவில்லை. ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சில் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசை, பிறகு மூச்சுத் தசை என்று தளர்ந்துபோகும் கட்டம் ஒன்று உண்டு. இதற்கு அட்ரோபின் உதவாது. வென்டிலேட்டர் இருக்கும் இடத்துக்கு உடனே அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

இயக்குநர் அவர்களே, இந்த மனிதர் அரசுக் கணக்கில் எங்கே போனார் என்று பாருங்கள். முதல் இடத்தில் வயிற்றுப்போக்கு என்று எழுதியதால், நோய்க் கண்காணிப்புக்கான ஐ.எச்.ஐ.பி. தளத்தில் அவர் ஒரு பேதி கேஸ். அந்த வாரம் அந்த ஊரில் இன்னும் சிலருக்கு அப்படி ஆகியிருந்தால் குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின் போடத்தான் ஆள் போயிருப்பார்கள். இரண்டாவது இடத்தில் அவர் நஞ்சு குடித்தவர். மருத்துவர் நிரப்பும் பி படிவத்தில் டெங்கு இருக்கிறது, நாய்க்கடி இருக்கிறது, பாம்புக்கடி இருக்கிறது. பூச்சிமருந்து நஞ்சுக்கென்று ஒரு வரி இல்லாததால் அங்கிருந்து எதுவும் ஏறவில்லை. இறந்திருந்தால் போலீஸ் வழியாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கிலாவது சேர்ந்திருப்பார், அதுவும் பெரும்பாலும் தற்கொலைப் பத்தியில். பிழைத்துவிட்டதால் அதிலும் இல்லை. ஓட்டை ஸ்பிரேயரால் நஞ்சேறிய ஒரு தொழிலாளி என்று அவரைப் பதிந்த ஏடு இந்த மாநிலத்தில் ஒன்றுகூட இல்லை.

இந்தக் குழப்பம் இறந்தவரின் குடும்பத்தைப் பல வருடம் துரத்தும். விபத்து மரணத்துக்கு உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உதவித் தொகை உண்டு. நஞ்சு உட்கொண்டதாக ஏட்டில் வரி விழுந்துவிட்டால், குடிக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் விதவையின் தலையில் ஏறும். அதனால்தான் சில குடும்பங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். வயிற்று வலி என்பார்கள், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். மருத்துவருக்கும் நோய் பிடிபடாமல் போகிறது, கணக்கும் போகிறது.

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2017-இல் பார்த்துவிட்டோம். அந்த வருடம் பருத்தி ஆள் உயரத்துக்கு அடர்ந்து வளர்ந்திருந்தது. புழுவைத் தாங்குவதற்காக மரபணு மாற்றிய பிடி பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்டதால் மருந்துக்கு மேல் மருந்து கலந்து அடித்தார்கள். புழுக்கமான வெயில், பவர் ஸ்பிரேயரின் பொடித் தூறல். ஜூலையிலிருந்தே நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். மாநிலம் விழித்துக்கொண்டது செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும். அதற்குள் நூற்றுக்கணக்கானவர்கள் படுக்கையில், இருபதுக்கு மேற்பட்டவர்கள் பிணவறையில். ஆகஸ்டிலேயே யாராவது ஒருவர் வாரக் கணக்கை ஒரே தாளில் போட்டுப் பார்த்திருந்தால் போதும், எந்தத் தாலுகாவில் எந்தக் கலவை என்று தெரிந்திருக்கும். அதே பருவத்தில் எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். நமக்கும் அது செத்தவர் எண்ணிக்கையாகத்தான் செய்தித்தாள் வழியே தெரியவந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தும்போதோ கையாளும்போதோ நேரும் நஞ்சு நிகழ்வுகள் அனைத்தையும் குறிப்பிட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று மாநில அரசு அரசிதழில் அறிவித்து, யாரையும் கட்டாயப்படுத்தலாம் என்கிறது. அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவைப் பயன்படுத்தித்தான் 2022-இன் கடைசியில் தமிழ்நாடு மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளின் விற்பனையை 60 நாட்களுக்கு நிறுத்தியது. அது தற்கொலைகளைத் தடுக்க எடுத்த நல்ல முடிவு. தடை போட ஒரு பிரிவைத் திறந்த கை, பக்கத்திலேயே இருக்கும் பிரிவையும் திறக்கலாம். எந்த மருந்து எத்தனை பேரை வயலில் சாய்க்கிறது என்ற கணக்கு கையில் இருந்தால், அடுத்த தடைக்கோ நிரந்தரத் தடைக்கான கோரிக்கைக்கோ அதைவிடப் பலமான ஆதாரம் வேறு வேண்டாம்.

சரி, எதைப் பதிவது, எப்படிப் பதிவது? இங்கேதான் உங்கள் அலுவலகம் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் உறுதியானால்தான் பதிவு என்று ஒரு நிபந்தனை வைத்தால் திட்டம் அன்றைக்கே செத்துப்போகும். ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் தாக்குகிற நொதியை அளக்கும் கோலினெஸ்டரேஸ் பரிசோதனை நல்ல பரிசோதனைதான். ஆனால் அந்த நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் பெரிதாக மாறும். இயல்பிலேயே உயர்ந்த அளவு உள்ளவருக்குப் பாதி குறைந்தாலும் லேப் தாளில் நார்மல் என்றே வரும். கல்லீரல் நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் மருந்தே படாமல் அளவு குறைந்திருக்கும். மருந்தடிக்கும் பருவத்துக்கு முன்பே ஒரு அளவு எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடர்ந்து ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளைக் கையாளும் தொழிலாளிகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். தன் சொந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே ஒருவர் இறங்கினால் வேலை நடக்கும் முறையைச் சோதிக்கிறார்கள். சிவப்பணு நொதி 70 சதவீதத்துக்கோ, பிளாஸ்மா நொதி 60 சதவீதத்துக்கோ இறங்கினால் மருந்து வேலையிலிருந்தே விலக்கி வைக்கிறார்கள். நம்மூரில் இன்றைக்கு ஒரு பண்ணையார், நாளைக்கு இன்னொருவர் என்று போகிற கூலிக்காரருக்கு அப்படி முன் அளவு எடுத்து வைத்தவர் யார்? இன்னொன்று, சைபர்மெத்ரின், பிப்ரோனில், இமிடாகுளோபிரிட், எமாமெக்டின் போன்றவை இந்த நொதியைத் தொடவே தொடாது. அவற்றால் விழுந்தவரின் பரிசோதனை எப்போதும் சுத்தமாகவே வரும்.

ஆகவே சந்தேகமே பதிவுக்குப் போதும் என்று வைத்துவிடுங்கள். 48 மணி நேரத்துக்குள் மருந்தோடு தொடர்பு, அதற்குப் பிறகு பொருந்துகிற அறிகுறிகள், வேறு தெளிவான காரணம் இல்லை. இவ்வளவு போதும். கலிபோர்னியாவில் 1971 முதலே, பூச்சிமருந்தால் வந்ததாக மருத்துவர் சந்தேகப்பட்டாலே 24 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. உறுதியா, இருக்கலாமா என்று தரம் பிரிப்பதைப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, நொதி அளவு ஏறியிருந்தால் அன்றைக்கு இறங்கியிருந்தது என்பது உறுதியாகிவிடும். அதற்கு, பருவத்துக்கு முன்பே எடுத்த அளவு தேவையில்லை.

படிவம் நீளமாக வேண்டாம். அவசரப் பிரிவில் நிற்கிற பயிற்சி மருத்துவர் பத்துக் கேள்விகளை நிரப்ப மாட்டார், நிரப்ப நேரமும் இருக்காது. மூன்று போதும். மருந்து உடலுக்குள் போனது எப்படி: குடித்தாரா, அடித்தாரா, அடித்த வயலில் வேலை செய்தாரா, தெரியவில்லையா. எந்த மருந்து, கலந்ததா: டப்பாவைக் கொண்டு வரச் சொல்லி லேபிளைக் கைபேசியில் படம் எடுத்தால் ஆயிற்று. எந்த ஊர் வயல்: நோயாளியின் வீட்டு முகவரி இதற்கு உதவாது, அவர் நாலு ஊர் தள்ளி வேலைக்குப் போயிருப்பார். முதல் கேள்வி மட்டும் சரியாக விழுந்துவிட்டால், நோய்களுக்கான பன்னாட்டுக் குறியீடான ஐசிடி-10-இல் தற்செயலான நஞ்சுக்கான X48-உம், தானே எடுத்துக்கொண்ட நஞ்சுக்கான X68-உம் பிரிந்துவிடும். இப்போது விடைபெறும் சீட்டில் பெரும்பாலும் மருந்து வகையைக் குறிக்கும் T60 மட்டும்தான் எழுதுகிறார்கள், அதையும் எழுதினால்.

அடித்த வயலில் வேலை செய்தவர் என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டத்தில் வரப்போகிறவர்கள் பெண்கள். நேற்று மருந்தடித்த காட்டில் இன்றைக்குக் களை எடுப்பவர்கள், பருத்தி எடுப்பவர்கள், டேங்குக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றி, சமயத்தில் கையாலேயே கலக்கிக் கொடுப்பவர்கள். மருந்தடிக்கிறவர் என்று யாரும் அவர்களைச் சொல்வதில்லை. தலைசுற்றல், கண் எரிச்சல் என்று வந்தால் ரத்தசோகை மாத்திரையோடு போய்விடுகிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கே வராதவர்கள் இன்னும் பெரிய கூட்டம். ஆந்திரப் பிரதேசப் பருத்தி கிராமங்களில், பெண்களையே பதிவு செய்ய வைத்து ஒரு பருவம் முழுக்க நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. பதிவான 323 நிகழ்வுகளில் 83.6 சதவீதத்தில் லேசானதோ கடுமையானதோ நஞ்சின் அறிகுறி இருந்தது. 6 சதவீத முறை நரம்பைத் தாக்கிய கடும் அறிகுறிகள். அவர்களில் ஒருவர்கூட மருத்துவரிடம் போகவில்லை. ஆக, ஆஸ்பத்திரிக் கணக்கு மட்டும் வைத்தால் நாம் பிடிக்கப்போவது விளிம்பை மட்டும்தான். பருத்தி, மக்காச்சோள வட்டாரங்களில் மருந்தடிக்கும் மாதங்களில் மட்டுமாவது, வீட்டுக்கு வீடு போகும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும்: இந்த வாரம் மருந்து வேலைக்கோ மருந்தடித்த காட்டுக்கோ போய் வாந்தி, கண் மங்கல், தசைத் துடிப்பு ஏதாவது வந்ததா? பி.பி. பார்க்கிற இடத்திலேயே கேட்டுவிடலாம்.

பதிவு செய்தால் பாதுகாப்பு எப்படி மாறும் என்றும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குப் பாதுகாப்பு என்றால் கூட்டம் போட்டு முகக்கவசம் கொடுப்பது. துணி முகக்கவசம் நனைந்தபின் மருந்தை மூக்கோடு ஒட்டி வைக்கிறது, அவ்வளவுதான். கைத்தெளிப்பானில் அடிப்பவருக்குப் பெரும்பங்கு மருந்து போவது தோல் வழியாக. தோலிலும் எல்லா இடமும் ஒன்றில்லை. பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்தை வைத்துச் செய்த பழைய சோதனையில் முன்கைத் தோல் உறிஞ்சியதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் விரைத்தோல் உறிஞ்சியது. வேர்வை ஊறிய உடம்பில் டேங்க் எங்கே ஒழுகுகிறது, கைலி எங்கே நனைகிறது என்று யோசித்தால், நாம் எங்கே தடுப்புப் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும். எனக்குக் கையில் பணம் கொடுத்தால் முதலில் மூடி வாஷர்களை மாற்றித் தருவேன். அடுத்து, டேங்குக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, முன்பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால் வரை இன்னொன்று. செடி நெஞ்சு உயரம் வந்த பிறகு தொடைதான் முதலில் நனைகிறது. அப்புறம், கலக்கும்போது மட்டுமாவது நைட்ரைல் கையுறை. தண்ணீர் சேராத மருந்து கையில் படுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். ஐப்பசி வெயிலில் முழு உடல் உறையைப் போட்டுக்கொண்டு ஒருவர் மருந்தடிக்க முடியாது. போட்டால் வெப்பத்தால் விழுவார். லேபிளில் அச்சடித்திருக்கும் அந்த உடையைப் போடவில்லை என்று தொழிலாளியைக் குறை சொல்லும் விசாரணை அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வரும்.

பதிவேடு இருந்தால் இதெல்லாம் என் யூகமாக இல்லாமல் ஆகிவிடும். ஒரே வாரத்தில் ஒரே ஒன்றியத்தில் மூன்று பேர், மூவரும் ஒரே கலவை என்றால் மறுநாளே அந்தப் பகுதி வேளாண்மை அலுவலர் உரக்கடைக்குப் போய் மாதிரி எடுக்கலாம். பூச்சிக்கொல்லி ஆய்வாளர் என்ற அதிகாரம் வேளாண் துறையினரிடம்தான் இருக்கிறது. ஆனால் நோயாளி இருப்பது உங்கள் துறையிடம். இரண்டுக்கும் நடுவே தகவல் ஒரே நாளில் போய்ச் சேர ஒரு வழி வேண்டும். போலீஸுக்குப் போகும் தகவல் அது பாட்டுக்குப் போகட்டும், இந்தப் பதிவு அதோடு கலக்க வேண்டாம். இதில் பெயர் சேர்ந்தால் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும் என்று ஒருமுறை ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டால், பிறகு எல்லோருக்கும் வயிற்று வலிதான்.

பெரம்பலூர், அரியலூர் மானாவாரிப் பருத்தியில் மருந்தடிப்பு ஐப்பசி, கார்த்திகையில்தான் உச்சத்துக்கு வரும். மாநிலம் முழுவதற்கும் அரசாணை வரக் காலம் ஆகலாம். அதற்கு முன்பே இந்த இரண்டு மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப உங்கள் கையெழுத்தே போதும். மேலே சொன்ன மூன்று கேள்விகளும், கண்மணியைப் பார்க்காமல் வாந்தி பேதி என்று யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும். வரும் செப்டம்பருக்குள் அனுப்பிவிட்டால் இந்தப் பருவத்துக்கே பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவர் ஒருவர்,
பெரம்பலூர் மாவட்டம்